புலமைப்பரிசிலுக்கு முந்திய ஆறு வாரங்கள்

இலங்கையில் தரம் 5 வரை ஒரு பிள்ளை எழுதும் பரீட்சைகள் எல்லாம் அதன் சொந்த வகுப்பறையில் நடப்பவை. தவணைப் பரீட்சையில் கேள்வி விளங்காவிட்டால் கையை உயர்த்தலாம். ரீச்சர் அருகில் வந்து குனிந்து பார்த்தாலே பாதிப் பயம் போய்விடும். புலமைப்பரிசில் பரீட்சை அப்படியில்லை. நாடு முழுவதும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஒரே காலையில், ஒரே வினாத்தாளை எழுதுகிறார்கள். பலருக்கு மண்டபமும் புதிது, மேற்பார்வையாளரும் புதிது. பெயரின் இடத்தில் ஒரு சுட்டெண் நிற்கும். அம்மாவும் அப்பாவும் கேற்றுக்கு வெளியே நிற்பார்கள். எழுதுபவருக்கு வயது பத்து.

1940களில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா முன்னெடுத்த இலவசக் கல்விச் சீர்திருத்தத்தோடும் மத்திய கல்லூரிகளோடும் வளர்ந்தது இந்த ஏற்பாடு. கிராமத்தில் கெட்டிக்காரனாக இருந்தும் வசதியில்லாத பிள்ளைக்கு நல்ல பாடசாலையும் உதவிப்பணமும் கிடைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். பரீட்சை வேண்டுமா வேண்டாமா என்ற வாதம் நெடுங்காலமாக நடக்கிறது. அது இங்கே வேண்டாம். பரீட்சை இருக்கிறது, பிள்ளை எழுதப்போகிறது. அந்த ஆறு வாரங்களில் பிள்ளையின் தலைக்குள் என்ன நடக்கிறது, அதில் வீட்டுக்கு என்ன பங்கு என்பதைப் பற்றி உளவியல் ஓரளவு தெளிவாகவே பேசுகிறது.

பரீட்சைப் பதற்றத்துக்கு இரண்டு பகுதிகள் உண்டு என்று 1967இல் லீபர்ட், மொரிஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று உடம்பில் நடப்பது: நெஞ்சு படபடக்கும், கை வேர்க்கும், வயிறு பிசையும். மற்றது மனதில் ஓடுவது: 'பிழைத்துப்போனால் என்ன ஆகும்', 'அப்பா என்ன சொல்லுவார்'. பெற்றோர் கண்ணுக்குத் தெரிவது முதலாவது. அதனால் தண்ணீர் கொடுப்பதும் முதுகைத் தடவுவதும் நடக்கிறது. மாக்ஸைக் குறைப்பதில் பெரிய பங்கு இரண்டாவதற்கு என்பதை அதன் பின் வந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

ஏன் என்பதை ஒரு கேள்வியை வைத்துப் பார்ப்போம். முதலாம் வினாத்தாளில் வருவதைப் போன்ற ஓர் எண் தொடர்: 3, 6, 11, 18, அடுத்தது என்ன? பிள்ளை முதலில் 3க்கும் 6க்கும் வித்தியாசம் 3 என்று கண்டுபிடித்து அதை நினைவில் வைத்திருக்க வேண்டும். பிறகு 5. பிறகு 7. மூன்றையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் 3, 5, 7 என்று இரண்டிரண்டாகக் கூடுவது தெரியும். அடுத்த வித்தியாசம் 9, விடை 27. இப்படிச் சில நொடிகளுக்கு மட்டும் விபரங்களைப் பிடித்து வைத்து வேலை செய்யும் திறனுக்குச் செயல்படு நினைவு என்று பெயர். அதன் கொள்ளளவு மிகச் சிறியது, பத்து வயதில் இன்னும் சிறியது. 5ஐயும் 7ஐயும் பிடித்திருக்கிற நேரத்தில் 'அம்மா வெளியில் நிற்கிறா' என்ற நினைப்பு உள்ளே வந்தால் அதுவும் இடம் கேட்கும். முதலில் கண்ட 3 நழுவிப்போகும். பிள்ளை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். வீட்டில் அரை நிமிடத்தில் செய்த கணக்குக்கு மண்டபத்தில் மூன்று நிமிடம் போவது இப்படித்தான். 'எல்லாம் தெரிஞ்ச பிள்ளை, அங்க போய்க் கோட்டை விட்டிட்டுது' என்று பிறகு சொல்கிறோம்.

பலர் எதிர்பார்க்காத ஒன்று இதில் இருக்கிறது. சிக்காகோவில் உளவியலாளர் சியன் பீலொக்கும் அவரோடு வேலை செய்தவர்களும் முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கணிதப் பதற்றத்தை அளந்து 2013இல் வெளியிட்டார்கள். செயல்படு நினைவு நன்றாக உள்ள பிள்ளைகளிடம்தான் பதற்றமும் குறைந்த மாக்ஸும் சேர்ந்து காணப்பட்டன. அவர்கள் கணக்குப் போடும் வழியே அந்த நினைவை நம்பியது. விரல் விட்டு எண்ணுகிற பிள்ளைக்குப் பறிபோக அவ்வளவு இல்லை. ஆகவே, 'கெட்டிக்காரப் பிள்ளைதானே, அதுக்கென்ன பயம்' என்று விட்டுவிடுவது சரியில்லை.

அந்த நினைப்பு எங்கிருந்து வருகிறது? பத்து வயதுப் பிள்ளைக்கு வெட்டுப்புள்ளி என்றால் என்னவென்றே சரியாகத் தெரியாது. அதன் பாரம் எவ்வளவு என்பதை அது பெரியவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் அறிகிறது. இதே குழுவினர் 2015இல் இன்னொரு முடிவை வெளியிட்டார்கள். கணிதத்துக்குப் பயப்படும் பெற்றோர் வீட்டுப் பாடத்தில் அடிக்கடி உதவினால், அந்த ஆண்டு முடிவில் அவர்களின் பிள்ளைகள் கணிதத்தில் குறைவாகவே கற்றிருந்தார்கள், பதற்றமும் கூடியிருந்தது. அதே அளவு பயமுள்ள பெற்றோர் உதவாமல் இருந்த வீடுகளில் அப்படித் தெரியவில்லை. உதவி செய்யாதீர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்கும்போது கணக்கோடு பெருமூச்சும் சேர்ந்து போகிறது என்பதுதான் செய்தி. வேலையால் களைத்து வந்து இரவு ஒன்பது மணிக்கு மாதிரி வினாத்தாளோடு உட்காரும் அப்பா, அந்த நேரத்தில் பிள்ளைக்குக் கதை வாசித்துக் காட்டினால் நல்லது. கணக்கைக் காலையில் மாமியோ அக்காவோ பார்க்கட்டும்.

ஆறுதல் சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆஸ்பத்திரிகளில் ஊசி போடும்போதும் இரத்தம் எடுக்கும்போதும் பெற்றோர் என்ன பேசுகிறார்கள், பிள்ளை எப்படி நடந்துகொள்கிறது என்று பல ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. 'ஒண்டுமில்லை, பயப்பிடாத, இப்ப முடிஞ்சிடும்' என்று திரும்பத் திரும்ப ஆறுதல் சொல்லும் இடங்களில் பிள்ளையின் கலக்கம் கூடுதலாக இருந்தது. கலங்குகிற பிள்ளைக்குத்தான் ஆறுதலும் கூடக் கிடைக்கும், அதனால் எது காரணம் எது விளைவு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அப்படிப்பட்ட ஆறுதலைக் கேட்கும் பிள்ளைகள், பெற்றோர் தாங்களே பயந்துபோயிருப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள் என்றும் தெரியவந்தது. யோசித்துப் பார்த்தால் அது பிள்ளையின் சரியான கணிப்புத்தான். சோறு சாப்பிடப் போகும்போது யாரும் 'பயப்பிடாத' என்று சொல்வதில்லை. பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பே தினமும் 'பயப்பிடாத குஞ்சு' என்று சொன்னால், பயப்பட வேண்டிய ஏதோ ஒன்று வருகிறது என்று பிள்ளை முடிவு கட்டிவிடுகிறது. அந்த ஆய்வுகளில் பலன் தந்தது வேறு பேச்சு: கவனத்தை வேறு பக்கம் திருப்புவதும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதும்.

எனவே ஆயத்தம் முதலில் பெரியவர்களுக்கு வேண்டும். அதற்கு உதவுவது ஓர் எளிய கணக்கு. அண்மைய ஆண்டுகளில் வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒருவர். அது பிள்ளைகளின் திறமையை அளந்து வந்த எண் அல்ல; இருக்கிற இடங்களுக்குத் தக்கபடி, புள்ளிகள் வந்த பிறகு மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் ஏற்ப வெட்டுப்புள்ளி வைக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் 10 புள்ளி கூட எடுத்திருந்தால் கோடும் மேலே போயிருக்கும். ஆறில் ஐவர் கோட்டுக்குக் கீழே நிற்பது பரீட்சையின் அமைப்பிலேயே இருக்கிறது. போன வருட வெட்டுப்புள்ளியைச் சுவரில் எழுதி ஒட்டி, 'இதுக்கு மேல எடுக்கோணும்' என்பது இல்லாத ஒரு கோட்டைத் துரத்தச் சொல்வது. இதைப் பெற்றோர் தமக்குள் பேசித் தெளிந்துகொண்டால் போதும். பிள்ளையிடம் சதவீதம் பேசத் தேவையில்லை.

இனிப் பிள்ளை. தெரியாததுதான் கற்பனைக்குத் தீனி போடுகிறது. ஆகவே பரீட்சையின் வடிவத்தைப் பிள்ளைக்கு அலுத்துப்போகும் அளவுக்குப் பழக்கிவிட வேண்டும். முதலாம் வினாத்தாளில் 40 பல்தேர்வு வினாக்கள், ஒரு மணித்தியாலம். இரண்டாம் வினாத்தாளில் மொழி, கணிதம், சுற்றாடல் என்று பாடங்களை ஒட்டி எழுதும் விடைகள், ஒன்றேகால் மணித்தியாலம். அண்மைய ஆண்டுகளில் இரண்டாம் வினாத்தாளைத்தான் முதலில் தருகிறார்கள். அரை மணி நேர இடைவேளைக்குப் பிறகுதான் முதலாவது வருகிறது. வருடக் கணக்காக மாதிரி வினாத்தாள் செய்த பிள்ளைக்குக்கூட இந்த ஒழுங்கு தெரியாமல் இருப்பதைக் கண்டிருக்கிறேன். மேசையில் 'வினாத்தாள் 2' வந்து விழும்போது 'முதலாவதைத் தவறவிட்டிட்டனோ' என்று நினைத்தால் முதல் பத்து நிமிடம் போனதுதான்.

பரீட்சைக்கு முந்திய ஆறாவது, ஐந்தாவது வாரங்களில் கடந்தகால வினாத்தாள்களை நேரம் பார்க்காமல் செய்யட்டும். கேள்விகளின் முகம் பழக வேண்டும், அவ்வளவுதான். பரீட்சைகள் திணைக்களத்தின் உண்மையான பழைய தாள்களே இதற்கு நல்லவை. கடைகளில் விற்கும் மாதிரித் தாள்கள் சில, பிள்ளையை மடக்குவதற்கென்றே எழுதியவை போலிருக்கின்றன. நான்காவது வாரத்தில் பாதித் தாளை நேரம் வைத்துச் செய்யலாம். மூன்றாவது, இரண்டாவது வாரங்களில் ஒவ்வொரு முழு ஒத்திகை: காலை அதே நேரத்துக்கு, அதே ஒழுங்கில், இடைவேளையோடு. முடிந்தால் வேறொரு வீட்டில், பிள்ளைக்கு அதிகம் பழக்கமில்லாத ஒருவர் மேற்பார்வையாளராக இருக்கட்டும். சுட்டெண் எழுதப் பழகட்டும். 'சேர், வெளிய போகோணும்' என்று கேட்கவும் பழகட்டும். மலசலகூடம் போகக் கேட்கக் கூச்சப்பட்டு அடக்கிக்கொண்டே எழுதும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். இப்படி இரண்டு ஒத்திகை போதும். வாரத்துக்கு நாலு முழுத்தாள் என்று போனால் பழக்கம் சலிப்பாகவும் சலிப்பு வெறுப்பாகவும் மாறும்.

புத்தகத்தைத் திருப்பித் திருப்பி வாசிப்பதைவிட, மூடி வைத்து நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது நன்றாகப் பதியும் என்பது உளவியலில் உறுதியான முடிவுகளில் ஒன்று. ரோடிகர், கார்ப்பிக் இருவரின் 2006 ஆய்வு இதற்குப் பெயர்போனது. 2016இல் வந்த இன்னொரு பரிசோதனை, இப்படி நினைவிலிருந்து எடுத்துப் படித்தவர்களுக்கு மன அழுத்தத்துக்குப் பிறகும் படித்தது குறையாமல் நினைவில் இருந்ததைக் காட்டியது. வாசித்தே படித்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அது வளர்ந்தவர்களிடம் செய்த பரிசோதனை, பத்து வயதுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் செலவில்லாத வேலை. சாப்பாட்டு மேசையில் ஐந்து கேள்வி, மாக்ஸ் கிடையாது, பிழைத்தால் விடையைச் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போவது. பிள்ளையும் அப்பாவிடம் ஐந்து கேள்வி கேட்கலாம். அப்பா இரண்டு பிழை விட்டால் இன்னும் நல்லது.

ஒத்திகைத் தாளைத் திருத்துவதில்தான் பெரும்பாலான வீடுகளில் காரியம் கெடுகிறது. வவுனியாவில் ஒரு சிறுவன் என்று வைத்துக்கொள்வோம். முதலாம் வினாத்தாளில் 40க்கு 27 சரி. வழமையான உரையாடல் இப்படி: 'எத்தினை?' '27.' 'ரியூசனில மற்றப் பிள்ளையள் எத்தினை?' அதோடு முடிந்தது. இந்த உரையாடலில் அவன் அறிந்துகொண்டது தன் இடத்தை மட்டும்தான்.

பிழைத்த 13 வினாக்களையும் பிள்ளையோடு உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால் வேறு கதை வரும். நாலு கேள்வி உண்மையிலேயே தெரியாதவை. மூன்றில் கேள்வியைப் பிழையாக வாசித்திருக்கிறான். 'பொருந்தாதது எது' என்று கேட்டதற்குப் பொருந்துவதைத் தெரிவுசெய்திருக்கிறான். மிச்சம் ஆறும் கடைசி ஆறு கேள்விகள், தொடவேயில்லை. அந்த ஆறையும் இப்போது நேரம் வைக்காமல் கொடுத்தால் ஐந்தைச் செய்கிறான். அப்படியானால் நேரம் எங்கே போனது? கேட்டால் சொல்வான்: பதினோராவது கேள்வி, மடித்த பெட்டியின் படம். அதில் ஆறு ஏழு நிமிடம் நின்றிருக்கிறான். 40 கேள்விக்கு 60 நிமிடம், ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம். ஒரே கேள்வி நாலைந்து கேள்விகளின் நேரத்தைத் தின்றுவிட்டது.

பதற்றம் தொடங்கும் இடமும் அதுதான். மண்டபத்துக்குள் நுழையும்போது வரும் படபடப்பு பெரும்பாலும் முதல் சில கேள்விகளில் தணிந்துவிடும். ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டு, பக்கத்துப் பிள்ளை தாளைப் புரட்டும் சத்தம் கேட்கும்போதுதான் 'எனக்கு ஏலாது' என்ற நினைப்பு எழும்புகிறது. அதற்குப் பிறகு வரும் சுலபமான கேள்வியும் கடினமாகிவிடும். ஆகவே இந்தச் சிறுவனுக்குப் பழக்க வேண்டியது ஒரே ஒரு செயல்: இரண்டு முறை வாசித்தும் வழி தெரியாவிட்டால், ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போ. சொல்லிக்கொடுத்தால் மட்டும் வராது. கெட்டிக்காரப் பிள்ளைகள் விட்டுவிட்டுப் போவதை அவமானமாக நினைப்பார்கள். வேண்டுமென்றே மூன்று செய்ய முடியாத கேள்விகளைச் செருகிய ஒரு சிறு தாளைக் கொடுத்து, 'இதில மூண்டு கள்ளக் கேள்வி இருக்கு, கண்டுபிடிச்சு விட்டிட்டுப் போ' என்று விளையாட்டாகப் பழக்கலாம். அடுத்த ஒத்திகையில் 27 எத்தனையானது என்று பார்க்க வேண்டாம். கடைசிக் கேள்வி வரை போனானா, புள்ளி வைத்த கேள்விகளுக்குத் திரும்பி வந்தானா என்று பாருங்கள்.

பாராட்டும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஆய்வு இதே வயதுப் பிள்ளைகளிடம் நடந்தது. 1998இல் மூலர், டுவெக் இருவரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு புதிர்த் தொகுதி கொடுத்து, சிலரை 'நீ கெட்டிக்காரன்' என்றும் சிலரை 'நன்றாக முயற்சி செய்தாய்' என்றும் பாராட்டினார்கள். பிறகு எல்லோருக்கும் மிகக் கடினமான தொகுதி. அதில் சறுக்கிய பின், கெட்டிக்காரன் என்று கேட்ட பிள்ளைகள் சீக்கிரம் மனம் தளர்ந்தார்கள். அடுத்து வந்த சுலபமான தொகுதியிலும் முதலில் செய்ததைவிடக் குறைவாகச் செய்தார்கள். 'எங்கட பிள்ளை பிறவியிலேயே கெட்டிக்காரி' என்று சொந்தக்காரர் முன் சொல்வது பாசத்தில் சொல்வதுதான். ஆனால் பதினோராவது கேள்வியில் மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு அது, 'அப்ப நான் கெட்டிக்காரி இல்லையோ' என்று திரும்பி வரும். 'புள்ளி வைச்சிட்டுப் போய்த் திரும்பி வந்து செய்தியே, அது நல்லா இருந்தது' என்பது அப்படித் திரும்பாது.

பரீட்சைக்கு முன் பயத்தை எல்லாம் தாளில் எழுதிவிட்டால் மாக்ஸ் கூடும் என்ற அறிவுரை பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. 2011இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்விலிருந்து பிறந்தது அது. பிரபலமான சமூக அறிவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்து 2018இல் வெளியிட்ட ஒரு கூட்டு முயற்சியில், அந்த விளைவு மீண்டும் கிடைக்கவில்லை. பிள்ளை தானாகப் பயத்தைச் சொன்னால் முழுவதும் கேளுங்கள். பரீட்சைக் காலையில் காகிதத்தைக் கொடுத்து 'உன்ர பயத்தை எழுது' என்று உட்கார வைக்க எந்த அவசியமும் இல்லை.

பரீட்சைக்குச் சில நாட்கள் முன்பிருந்து ரியூசன் வகுப்புகளையும் கருத்தரங்குகளையும் திணைக்களம் தடை செய்கிறது. அந்த நாட்களை வீட்டுக்குள் இன்னொரு ரியூசனாக மாற்றாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இரவில் ஒன்பது மணித்தியாலத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும். ஒரு முறை பரீட்சை நிலையத்துக்குக் கூட்டிப்போய்க் கேற்றையும் மலசலகூடத்தையும் காட்டலாம். காலையில் புதிய உணவு வேண்டாம். வழமையான பாணோ புட்டோ இருக்கட்டும். நேர்த்தி வைக்கும் குடும்பமானால் வழமைபோலக் கோயிலுக்குப் போய் வரலாம். ஆனால் பிள்ளையை நிறுத்தி ஊர் முழுக்க ஆசீர்வாதம் வாங்க வைப்பதைத் தவிர்க்கலாம். ஒவ்வொரு கையும் தலையில் படும்போது, பார்த்துக்கொண்டிருப்பவர்களின் தொகை பிள்ளையின் கணக்கில் கூடிக்கொண்டு போகும். இடைவேளைக்குச் செய்ய வேண்டியதையும் முன்பே சொல்லிவையுங்கள்: தண்ணீர், மலசலகூடம், பிஸ்கற். 'அந்தக் கேள்விக்கு என்ன விடை போட்டனி?' என்று வரும் சிநேகிதனுக்கு, 'பிறகு கதைப்பம்' என்ற பதிலையும் ஒத்திகையிலேயே சொல்லிப் பழகலாம்.

இதெல்லாம் சாதாரணப் பதற்றத்துக்கு. பாடசாலை நாட்களில் மட்டும் வரும் வயிற்றுவலி வாரக் கணக்கில் நீடித்தால், நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்பத் தொடங்கினால், தூக்கமும் சாப்பாடும் குறைந்து, பிடித்த விளையாட்டையும் பிள்ளை விட்டுவிட்டால், ஒத்திகை அதற்கு மருந்தல்ல. ரியூசனை நிறுத்திவிட்டுக் குழந்தை வைத்தியரைப் பாருங்கள்.

மண்டபத்திலிருந்து வெளியே வரும் பிள்ளையிடம் கேள்விகளைக் கேட்டுக் கேற்றடியிலேயே விடை பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. முடிந்த பரீட்சையில் இனி மாற்ற ஒன்றுமில்லை. பெறுபேறு வரும்வரை பிள்ளை அங்கே தெரியவந்த இரண்டு மூன்று பிழைகளைச் சுமந்துகொண்டு திரியும். சாப்பிடக் கூட்டிப்போங்கள். பெறுபேறு வரும் நாளுக்கான ஏற்பாட்டைப் பரீட்சைக்கு முன்பே வீட்டில் முடிவுசெய்துவிடுவது நல்லது. இணையத்தில் யார் பார்ப்பது, பிள்ளையிடம் யார் சொல்வது, மாமா தொலைபேசி எடுத்தால் என்ன சொல்வது. புள்ளியை முகநூலில் போடுவதில்லை என்பதும், அது 180 ஆக இருந்தாலும் போடுவதில்லை என்பதும் அதில் சேரட்டும். வெட்டுப்புள்ளி கிடைக்காவிட்டால் தரம் 6க்கு எந்தப் பாடசாலை, எந்த பஸ், கூடப் போகும் சிநேகிதர் யார் என்பது பிள்ளைக்கு ஆறு வாரத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பாடசாலையின் மைதானத்தில் ஒரு சனிக்கிழமை பந்தடித்துவிட்டு வந்தாலும் நல்லதுதான்.